ஆறேழு வயதுக் குழந்தைகளுக்குக் காலக்கோடு: ஆண்டு எண்களுக்கு முன்னால் ஒரு கயிறு

ஆறு வயதுக் குழந்தைக்கு 1969 என்பது வெறும் பெரிய எண். "பாட்டி உன்னை மாதிரி சின்னப் பெண்ணாக இருந்தபோது" என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அதனால் முதலில் வகுப்பு, அப்புறம் குடும்பம், கடைசியில் வரலாறு என்று போவோம். ஒரு நீளக் கயிறு, துணி கிளிப்புகள், அட்டைகள், அளவு நாடா போதும்.

1. வகுப்பில் நடந்தவை

எல்லோரும் பார்த்த நான்கு நிகழ்வுகளை அட்டையில் வரைந்து, நடந்த வரிசையில் கயிற்றில் இடமிருந்து வலமாக மாட்டச் சொல்லுங்கள்: பள்ளி திறந்தது, விதை போட்டது, முளை வந்தது, புது மாணவி சேர்ந்தது. விதைக்கு அப்புறம்தான் முளை என்பது எல்லோருக்கும் தெரியும். புது மாணவியை எங்கே மாட்டுவது என்பதில்தான் சண்டை வரும். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். "விதை போட்ட அன்றைக்கு எடுத்த போட்டோவில் அவள் இல்லையே" என்று ஒரு குழந்தை சொன்னால், அது சான்றைப் பார்த்து வரிசைப்படுத்தத் தொடங்கிவிட்டது.

2. குடும்பம்

இங்கேதான் அளவு நாடா வேண்டும். ஓர் ஆண்டுக்கு 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்தது 2018, அம்மா 1990, பாட்டி 1962 என்றால், குழந்தையின் அட்டைக்கு இடப்பக்கம் 2.8 மீட்டரில் அம்மா, அங்கிருந்து இன்னொரு 2.8 மீட்டரில் பாட்டி. நாடா இல்லாமல் விட்டால் மூன்று அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிடுவார்கள். வரிசை சரியாக இருக்கும், இடைவெளி காணாமல் போகும். ஆண்டுகளைக் காலடியால் நடந்து பார்க்கட்டும்.

"மாமா அப்பாவைவிட உயரம், அதனால் அவர்தான் முதலில் பிறந்தார்" என்ற பேச்சும் வரும். உயரத்தை வயதாக எடுத்துக்கொள்வது இந்த வயதில் சகஜம். இருவரின் பிறந்த ஆண்டையும் கயிற்றில் மாட்டிக் காட்டினால் போதும், வாதம் வேண்டாம்.

பெற்றோர் படம் கட்டாயம் என்று மட்டும் சொல்லாதீர்கள். எல்லா வீடும் ஒன்றுபோல் இல்லை. தன்னைக் கவனித்துக்கொள்ளும் எந்தப் பெரியவரையும் குழந்தை தேர்ந்தெடுக்கலாம், போட்டோ இல்லாவிட்டால் வரையலாம்.

3. வரலாறு

குடும்ப அட்டைகள் கயிற்றிலேயே இருக்கட்டும். மனிதன் நிலவில் கால் வைத்த 1969-ஐப் பாட்டிக்கு வலப்பக்கம் 70 செ.மீ. தள்ளி மாட்டுங்கள். "அப்போது பாட்டிக்கு என்ன வயது?" என்று கேட்டால், கயிற்றைப் பார்த்தே ஏழு என்று எண்ணிச் சொல்வார்கள். அடுத்து ரைட் சகோதரர்கள் விமானத்தில் பறந்த 1903. அது பாட்டிக்கு இடப்பக்கம் 5.9 மீட்டர். கயிறு போதாது, வகுப்பை விட்டு வராந்தாவுக்குப் போக வேண்டியிருக்கும். அந்த நடை அவசியம். அட்டையைக் கிட்டே இழுத்து மாட்டாதீர்கள்.

முதல் தடவைக்கு இந்த இரண்டே ஆண்டுகள் போதும். டைனோசர் எங்கே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அவை அழிந்து சுமார் 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இதே அளவில் கயிறு ஏறத்தாழ 6,600 கிலோமீட்டர் நீள வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்த அட்டையைப் பெட்டியிலேயே வையுங்கள்.