ஊட்டிக் குளிரில் 40 மெதுவடை: உளுந்து எத்தனை கிராம்?

மெதுவடைக்கு உளுந்தை டம்ளரால் அளப்பதுதான் பல வீடுகளில் வழக்கம். நாலு பேருக்கு அது போதும். 40 வடை வேண்டும், எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றால் தராசை எடுத்துவிடுங்கள். மாவு பொங்கப் பொங்க அரைபடும்போது பாத்திரம் நிறைந்து தெரியும், ஆனால் உள்ளே சேர்ந்திருப்பது காற்று. அதனால் கரண்டிக் கணக்கு ஒவ்வொரு தடவையும் மாறும். எடை மாறாது.

முதலில் ஒரு வடைக்கு எவ்வளவு மாவு என்று முடிவு செய்யுங்கள். நான் 45 கிராம் வைக்கிறேன். ஈரக் கையில் தட்டித் துளை போட்டால் நடுத்தரமான வடையாக வரும். 40 வடைக்கு 1,800 கிராம் மாவு. கிரைண்டர் கல்லிலும் கையிலும் ஒட்டிப் போவதற்காக 5 சதவீதம் கூட்டினால் 1,890. இதில் இஞ்சி, பச்சை மிளகாய், மிளகு, கறிவேப்பிலை, தேங்காய்ப் பல், உப்பு எல்லாம் சேர்ந்து சுமார் 100 கிராம் இருக்கும். அதைக் கழித்தால் உளுந்து மாவாக மட்டும் 1,790 கிராம் வேண்டும்.

இனி அந்த மாவுக்கு எவ்வளவு உளுந்து என்று பார்க்க வேண்டும். தோல் நீக்கிய முழு உளுந்து நன்றாக ஊறினால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அரைக்கும்போது தெளிக்கும் தண்ணீரையும் சேர்த்தால் 100 கிராம் உளுந்து சுமார் 220 கிராம் மாவு தரும். 1,790-ஐ 2.2-ஆல் வகுத்தால் 814 வருகிறது. 820 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
உளுந்து (கிராம்) = (வடை எண்ணிக்கை × ஒரு வடை மாவு × 1.05 − சேர்மானம்) ÷ 2.2
```

புது உளுந்து கூடுதலாகக் காணும், பழசு கொஞ்சம் குறையும். புதிதாக மூட்டை பிரித்தால் 100 கிராமை மட்டும் ஊறவைத்து அரைத்து எடை பாருங்கள். 215 வந்தால் 2.2-க்குப் பதில் 2.15 போடுங்கள். வெங்காயம் போடுவதென்றால் அதன் எடையையும் சேர்மானத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலையில் கணக்கு சறுக்குவது ஊறலில்தான். கீழே கோவையில் இரண்டு மணி நேரத்தில் ஊறுகிற உளுந்து, ஊட்டியில் டிசம்பர் மாதக் குழாய்த் தண்ணீரில் அதே நேரத்தில் பாதிதான் ஊறும். கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு மூடி, அடுப்படியிலேயே மூன்று முதல் நான்கு மணி நேரம் விடுங்கள். அப்புறம் ஒரு பருப்பை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். நடுவில் காய்ந்த வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும்.

தராசு அதைவிடத் தெளிவாகச் சொல்லும். 820 கிராம் உளுந்தை ஊறவைத்து வடிகட்டிய பிறகு குறைந்தது 1,640 கிராம் இருக்க வேண்டும். 1,450 தான் காட்டுகிறது என்று வையுங்கள். 150 மில்லி தண்ணீர் தெளித்து அரைத்தால் 1,600, சேர்மானத்தோடு 1,700, ஒட்டிப் போனது போக 1,615. முப்பத்தைந்து வடையோடு மாவு தீர்ந்துவிடும். குறைந்த எடையை அரைக்கும்போது தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டலாம் என்று தோன்றும். வேண்டாம். பருப்பு உள்ளே வாங்காத தண்ணீர் மாவில் தனியாக நிற்கும். மாவு நறநறவென்று இருக்கும், வடை எண்ணெய் குடிக்கும். இன்னும் ஒரு மணி நேரம் ஊறவிடுவதுதான் வழி.

சரியாக ஊறிய 1,640 கிராமுக்கு 160 மில்லி தண்ணீர் அளந்து பக்கத்தில் வையுங்கள். கிரைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரையுங்கள். சமவெளியில் ஐஸ் தண்ணீர் வேண்டும் என்பார்கள், இங்கே குழாய்த் தண்ணீரே போதும். ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் எடை சரியாகவே இருந்தாலும் காற்று போதவில்லை. அதே 45 கிராம், வடையாக வரும்போது சின்னதாகவும் கெட்டியாகவும் இருக்கும். இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும்.

உப்பைச் சுடுவதற்குச் சற்று முன்புதான் போட வேண்டும். முன்கூட்டியே போட்டால் மாவு நீர்த்துவிடும், துளை நிற்காது. முதல் மூன்று உருண்டைகளைத் தராசில் வைத்துப் பாருங்கள், அப்புறம் கைக்கே அளவு பழகிவிடும்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். வடைக்குள் இருக்கும் ஈரமும் அதற்கு மேல் சூடேறாது. அதனால் உள்ளே வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். தீயை மிதமாக வைத்து, மேலே சீக்கிரம் சிவக்க விடாமல், எண்ணெயில் குமிழி அடங்கும் வரை திருப்பிவிட்டு எடுங்கள்.