செறிவு மின்கலத்தில் 29.6 வரவில்லையா? அதைத் திருத்தாதீர்கள்

மயில்துத்தக் கரைசல் இரண்டு எடுத்துக்கொள்கிறோம். ஒன்று 0.1 மோலார், மற்றது 0.01 மோலார். ஒவ்வொன்றிலும் ஒரு செம்புத் தகடு, நடுவே பொட்டாசியம் நைட்ரேட் உப்புப் பாலம். மல்டிமீட்டர் 17 மில்லிவோல்ட் காட்டுகிறது. கணக்குப் போட்டால் 29.6 வர வேண்டும். இந்த இடத்தில்தான் ரெக்கார்டு நோட்டில் 28.9 என்றோ 29.2 என்றோ ஓர் எண் சத்தமில்லாமல் ஏறிவிடுகிறது. இந்தச் சோதனையில் செய்யக்கூடிய தவறுகளில் இதுவே பெரியது. ஏனென்றால் அந்த 17தான் சரியான விடை.

எதனால் என்று பார்ப்போம். நெர்ன்ஸ்ட் 1889இல் தந்த சமன்பாட்டைச் செறிவு மின்கலத்துக்குச் சுருக்கினால் இப்படி இருக்கும்:

E = (2.303RT / nF) log (a₂ / a₁)

செம்பு அயனிக்கு n = 2. 25 டிகிரி செல்சியஸில் முன்னால் நிற்கும் எண் 29.6 மில்லிவோல்ட். விகிதம் பத்தானால் log மதிப்பு 1, ஆகவே 29.6 என்று எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அடைப்புக்குள் இருப்பது மோலார் செறிவு அல்ல, ஆக்டிவிட்டி. அதாவது, கரைசலில் உள்ள அயனிகளில் எவ்வளவு தடையின்றிச் செயல்படுகிறதோ அந்த அளவு. செம்பு அயனிக்கும் சல்பேட் அயனிக்கும் இரட்டை மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று பலமாக இழுத்துப் பிடிக்கின்றன. கரைசல் அடர்த்தியாக ஆக இந்தப் பிடி இறுகும். 0.1 மோலார் காப்பர் சல்பேட்டில் ஆக்டிவிட்டி குணகம் ஏறக்குறைய 0.15தான். 0.01 மோலாரில் அது 0.41 அளவுக்கு உயர்கிறது.

இப்போது பெருக்கிப் பாருங்கள். அடர்ந்த பக்கம் 0.1 × 0.15 = 0.015. நீர்த்த பக்கம் 0.01 × 0.41 = 0.0041. விகிதம் பத்து அல்ல, 3.7 மட்டுமே. அதன் log 0.56, 29.6ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 16.7 மில்லிவோல்ட். மீட்டர் காட்டியதும் அதுதான். இதே கணக்கை 0.01, 0.001 ஜோடிக்குப் போட்டால் 22 வரும், ஏனென்றால் 0.001 மோலாரில் குணகம் 0.74 ஆகிவிடுகிறது. கரைசல்கள் நீர்க்க நீர்க்க விடை 29.6ஐ நோக்கி ஏறுகிறது. ஒரு மாணவர் இந்த ஏற்றத்தை அளந்து எழுதியிருந்தால், எல்லா ஜோடிக்கும் 29 என்று எழுதியவரைவிட அவருக்கே நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

குறைவுக்கு வேலூர் வெயிலைக் காரணம் காட்டும் பழக்கமும் உண்டு. மே மாதத்தில் ஆய்வக வெப்பநிலை 36 டிகிரியாக இருந்தால் 29.6 என்ற எண் 30.7 ஆகிறது. வெயில் மின்னழுத்தத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. அந்தக் கூடுதலும் மூன்று, நான்கு சதவீதம்தான். வெப்பமானியைப் பார்த்து T மதிப்பைப் போட்டுவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்தது தகடுகள். இரண்டும் ஒரே செம்புத் தகட்டில் வெட்டியவை என்பதால் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும் என்று நம்பிவிடுகிறோம். ஒன்றில் ஆக்சைடு படலம் கொஞ்சம் தங்கியிருந்தாலும், ஒன்றை வளைத்து நிமிர்த்தியிருந்தாலும் அவற்றுக்கிடையே சில மில்லிவோல்ட் வேறுபாடு தானாகவே வந்துவிடும். டேனியல் மின்கலத்தின் 1.1 வோல்ட்டில் நான்கு மில்லிவோல்ட் யார் கண்ணிலும் படாது. 17இல் நான்கு என்றால் கால் பங்கு போய்விட்டது.

ஆகவே அளவீட்டுக்கு முன் இரு தகடுகளையும் உப்புத்தாளால் தேய்த்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஒரு கணம் முக்கி, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, ஒரே பீக்கரில் ஒரே கரைசலில் நிறுத்துங்கள். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி, ஒரு மில்லிவோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் இன்னொரு வழி உண்டு. ஒருமுறை அளந்தபின் தகடுகளைக் கழுவி இடம் மாற்றி மறுபடி அளக்க வேண்டும். முதல் தடவை 21.4, மாற்றிய பின் 12.6 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 17.0, அதுதான் கரைசல்களுக்கு உரியது. மீதமுள்ள 4.4 தகடுகளின் குணம். இரண்டையும் ஒரே கரைசலில் நிறுத்தினால் அந்த 4.4ஐ நேரிலேயே பார்க்கலாம்.

மீட்டரை 200 மில்லிவோல்ட் வரம்பில் வையுங்கள். 2 வோல்ட் வரம்பில் 0.017 என்று மட்டுமே தெரியும். கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே ஆறு சதவீதம் ஆட்டம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். குழாய் நீரில் நீர்க்கச் செய்வது எங்கும் தவறு. வட ஆர்க்காட்டில் கூடுதல் தவறு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் பதனிடும் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது, 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்ற விவகாரம். கழிவு கலக்காத கிணற்றிலும் கடினநீராக இருந்தால் பைகார்பனேட் நிறைய இருக்கும். 0.001 மோலார் கரைசலில் உள்ள செம்பைவிட அது அதிகமாகவே இருக்கலாம். விளைவு, கரைசலில் வெளிர்நீலக் கலங்கல் தோன்றும். செம்பு கார்பனேட்டாகப் பிரிந்து கீழே இறங்கிவிடும். பீக்கரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிறிதளவு மங்கல் தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள்.

தூய நீர் எடுத்தும் கெடுக்க ஒரு வழி இருக்கிறது. 0.1 மோலார் கரைசலில் இருந்த தகட்டையோ, வடிதாள் துண்டால் ஆன உப்புப் பாலத்தையோ துடைக்காமல் நீர்த்த பீக்கருக்குக் கொண்டுபோவதுதான் அது. ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர். 25 மில்லிலிட்டர் 0.001 மோலார் கரைசலில் அந்த ஒரே சொட்டு விழுந்தால் செம்பின் அளவு 20 சதவீதம் கூடிவிடும். மின்னழுத்தத்தில் இரண்டு மில்லிவோல்ட்டுக்கு மேல் போய்விடும். நீர்த்த கரைசலிலிருந்து தொடங்கி அடர்ந்ததை நோக்கிப் போங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் புதுப் பாலம் போடுங்கள்.

மின்முனைத் திசையில் ஒரு வரி போதும்: நீர்த்த பக்கத்துத் தகடு கரைகிறது, அதனால் அது ஆனோடு; மீட்டரின் கறுப்புக் கம்பி அங்கே. எதிர்க்குறி வந்தால் கம்பிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும், விகிதத்தை அல்ல.

29.6ஐக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்றால் அதற்கும் நேர்மையான வழி இருக்கிறது. 0.01, 0.001 மோலார் கரைசல்களை வெறும் நீரில் அல்லாமல், இரண்டையும் 1 மோலார் பொட்டாசியம் நைட்ரேட்டில் தயாரியுங்கள். 100 மில்லிலிட்டருக்கு 10.1 கிராம். இரு பக்கமும் ஒரே நைட்ரேட் கூட்டம் நிற்பதால் ஆக்டிவிட்டி குணகம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மதிப்பாகிறது. விகிதத்தில் அது அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது செறிவின் விகிதம், அதாவது பத்து. அளவீடு 29ஐ ஒட்டி வரும்.

அதே உற்சாகத்தில் 0.0001 மோலாருக்கு இறங்க வேண்டாம். அங்கே கரைந்த ஆக்சிஜன் தகட்டை அரித்துச் செம்பைக் கரைசலுக்குள் விடுகிறது. மீட்டர் எண் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கும், எந்த நிமிடத்தில் குறித்தீர்களோ அதுதான் விடை என்றாகிவிடும்.