குடும்ப மரத்தில் இடம் தீர்ந்துபோவது எங்கே?

குடும்ப மரம் வரைபவர்கள் பெரும்பாலும் முதல் கோட்டிலேயே ஒரு தவறு செய்துவிடுகிறார்கள். தாளின் உச்சியில், நட்டநடுவில், மூத்த தம்பதியின் பெயரை எழுதிக் கீழே கிளைகளை இறக்குகிறார்கள். இரண்டு தலைமுறை வரை படம் அழகாக இருக்கும். மூன்றாவதில் பெயர்கள் நெருக்கும், நான்காவதில் தாளின் ஓரம் வந்துவிடும். பிறகு யாரோ ஒருவருடைய பிள்ளைகளை அம்புக்குறி போட்டு மூலையில் எழுத வேண்டியிருக்கும்.

இதற்குக் காரணம் எளிது. முன்னோரை நோக்கிப் போகும் படத்தில் எத்தனை இடம் தேவை என்பது முன்கூட்டியே தெரியும். பெற்றோர் 2, அவர்களின் பெற்றோர் 4, பிறகு 8, 16. வாரிசுகளை நோக்கி இறங்கும் படத்தில் அந்தக் கணக்கு கிடையாது. ஒருவருக்கு ஆறு பிள்ளைகள், அடுத்தவருக்கு ஒன்றுமில்லை. ஆகவே இரண்டையும் ஒரே வடிவத்தில் வரைய முயல்வதுதான் மற்ற பல தவறுகளுக்கும் வேர்.

விசிறி வடிவம் பார்வைக்கு மிகவும் பிடித்துப்போவதால் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது முன்னோர் படத்துக்கு மட்டுமே பொருந்தும். ஒருவரை மையத்தில் வைத்து, ஒவ்வொரு வளையத்திலும் ஒரு தலைமுறையை எழுதினால், எந்த முன்னோரின் பெயர் இன்னும் கிடைக்கவில்லை என்பது வெற்றுக் கட்டமாகப் பளிச்சென்று தெரியும். ஆனால் அண்ணன், தங்கை, சித்தப்பா, அத்தை யாருக்கும் அதில் இடமே இல்லை. அரைவட்ட விசிறியில் ஆறு தலைமுறை பின்னோக்கிப் போனால் வெளிவளையத்தில் 64 கட்டங்கள் வரும். 30 செ.மீ. ஆரம் கொடுத்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. அகலம்தான் கிடைக்கும். பெயரை ஆரத்தின் திசையில் திருப்பி எழுதினால் மட்டுமே படிக்க முடியும்.

இனி வாரிசுப் படத்துக்கு வருவோம். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். மூத்த தம்பதிக்கு நான்கு பிள்ளைகள். அந்த நால்வருக்கும் முறையே 4, 3, 3, 1 என்று 11 பேரப்பிள்ளைகள். இரண்டாவது பிள்ளையான மகள் இருமுறை மணந்தவர். முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள், இரண்டாவதில் ஒன்று. மூத்த பிள்ளையின் இரண்டாவது குழந்தையான மகனும் மூன்றாவது பிள்ளையின் முதல் குழந்தையான மகளும் தங்களுக்குள் மணந்துகொண்டவர்கள். கொள்ளுப்பேரர்கள் மொத்தம் 21 பேர்.

மேலிருந்து கீழாக வரைந்தால், கடைசி வரிசையில் ஒரு பெயருக்கு 4 செ.மீ. அகலமும் 1 செ.மீ. இடைவெளியும் வேண்டும். 21 பேருக்கே 105 செ.மீ. ஆகிவிடும். நாளை அவர்கள் திருமணம் செய்து, பக்கத்தில் துணையின் பெயரும் வந்தால் அகலம் ஏறத்தாழ இரண்டு மீட்டராகும். அதே படத்தை இடமிருந்து வலமாக, ஒரு தலைமுறைக்கு ஒரு பத்தி என்று வரைந்து பாருங்கள். எழுத்து அகலமானது, உயரம் குறைந்தது. இரண்டு வரி கொண்ட ஒரு கட்டத்துக்கு ஒன்றரை செ.மீ. உயரமும் அரை செ.மீ. இடைவெளியும் போதும். 21 பேருக்கு 42 செ.மீ. துணையின் பெயர் இரண்டாவது வரியில் போய் உட்காரும், படம் ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. பின்னால் பெயர் சேர்க்க வேண்டிய படம் என்றால் நான் தயங்காமல் இந்த வடிவத்தையே சொல்வேன்.

அடுத்த தவறு, காலி இடத்தையெல்லாம் தாளின் அடியில் மொத்தமாக விடுவது. புதுக் குழந்தை தாளின் அடியில் பிறப்பதில்லை, ஏதோ ஒரு கிளையின் நடுவில் பிறக்கிறது. A2 தாளை நெடுக்காக வைத்தால் உயரம் 59.4 செ.மீ. மேலும் கீழும் 2 செ.மீ. ஓரம் விட்டால் 55 செ.மீ. மிஞ்சும், அதாவது 27 இடங்கள். கொள்ளுப்பேரர்களுக்கு 21 போய்விடும். உறவுக்குள் மணந்த அந்தப் பேத்திக்கு ஓர் இடம் வேண்டும், ஏன் என்று கீழே வருகிறது. மீதி ஐந்து இடங்களை, இன்னும் குழந்தை பிறக்க வாய்ப்புள்ள ஐந்து குடும்பங்களின் கடைசியில் ஒவ்வொன்றாக விடுங்கள். அகலம் 42 செ.மீ.; ஒரு பத்திக்கு 9 என்றால் நான்கு தலைமுறைதான் கொள்ளும். ஐந்தாவது தலைமுறை தொடங்கும்போது அதே தாளில் நெருக்கித் திணிக்காமல், நான்கு பிள்ளைகளுக்கும் தனித்தனித் தாள் தொடங்குவதே சரி.

உறவு தெளிவாகத் தெரியாமல் போவதற்கு முக்கியக் காரணம், பிள்ளைகளின் கோடு எங்கிருந்து கிளம்புகிறது என்பது. இருமுறை மணந்த மகளின் பெயரிலிருந்தே மூன்று குழந்தைகளுக்கும் கோடு இழுத்தால், யாருக்கு யார் தந்தை என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அவர் பெயருக்குக் கீழே கணவர்களை 1, 2 என்று தனி வரிகளில் எழுதி, அந்தந்த வரியிலிருந்து கோடு கிளம்பட்டும். தத்துப்பிள்ளைக்குப் புள்ளிக்கோடு போடுவது வழக்கம்; அதற்கான விளக்கத்தைப் படத்தின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள்.

வயதைப் பார்த்து பத்தியை மாற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. மருமகனைவிட வயதில் சிறிய மாமா பல குடும்பங்களில் உண்டு. அவரை மருமகன் பத்தியில் வைத்துவிட்டால், ஒரே பத்தியில் இருப்பவர்கள் ஒரே தலைமுறை என்ற ஒழுங்கு உடைந்துபோகும். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்த்து யாருடைய முறையையும் நம்பிச் சொல்ல முடியாது. வயது தெரிய வேண்டுமானால் பிறந்த ஆண்டை எழுதினால் போதும்.

உறவுக்குள் மணந்தவர்கள் விஷயத்தில் இரண்டு கிளைகளிலும் பிள்ளைகளை முழுதாக எழுதிவிடுகிறார்கள். தலை எண்ணினால் கணக்கு கூடிவிடும். பிறகு ஒரு பக்கம் மட்டும் திருத்தினால் இரண்டும் முரண்படும். இரு கிளைகளுக்கும் குறுக்கே நீளக்கோடு இழுப்பது அதைவிட மோசம், வழியில் உள்ள எல்லாக் கோடுகளையும் அது வெட்டும். இதற்குத் தீர்வு எண். ஜாக் தபோவில் 1940இல் அமைத்த முறையில் மூத்தவர் 1, அவருடைய பிள்ளைகள் 1.1, 1.2, பேரப்பிள்ளைகள் 1.1.1 என்று போகும். நம் உதாரணத்தில் கணவர் 1.1.2, மனைவி 1.3.1. பிள்ளைகளைக் கணவரின் கட்டத்தில் மட்டும் எழுதி, மனைவியின் இடத்தில் ‘1.1.2 பார்க்க’ என்று குறித்தால் போதும். அந்த ஓர் இடம் இதற்குத்தான். புள்ளி வைக்காமல் 112 என்று எழுதாதீர்கள், பத்தாவது பிள்ளை வந்தால் குழப்பம்.

எண் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. இளவயதில் இறந்துபோன ஒரு மூத்த குழந்தையின் பெயர் பல ஆண்டுகள் கழித்துத் தெரியவரும். அவரை 1.2.1 ஆக்கினால் தம்பி, தங்கைகள் எண்ணும் அவர்கள் வாரிசுகள் அனைவர் எண்ணும் மாறும். ஏற்கெனவே எழுதிய ‘பார்க்க’ குறிப்புகளெல்லாம் தவறான ஆளைக் காட்டும். ஆகவே அந்தக் குழந்தைக்குக் கடைசி எண்ணையே கொடுங்கள், வரிசையைப் பிறந்த ஆண்டு சொல்லட்டும். முன்னோர் படத்தில் இந்தச் சிக்கலே எழாது: ஒருவரின் எண்ணை இரட்டித்தால் தந்தை, அதோடு ஒன்றைக் கூட்டினால் தாய் என்பது 1590இல் மிக்கேல் ஐட்ஸிங்கர் கையாண்ட முறை. 6ஆம் எண்காரரின் தாய் எப்போது கிடைத்தாலும் அவர் 13தான்.