மைனஸ் 40-ஐ அழித்தால் போதாது: ஃபூட்டிங் அழுத்தக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சரிபார்ப்பதற்காக என் மேசைக்கு வரும் கணக்குத் தாள்களில் ஒரே ஒரு வரியைத்தான் முதலில் தேடுகிறேன். பெரும்பாலும் அது இப்படி இருக்கும்:

```
qmin = MAX(0, P/A - M/Z)
```

சென்ற வாரமும் இருந்தது. எழுதியவர் வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆன பொறியாளர், கவனமானவர். அலகுகளில் பிழை இல்லை, சுமைகளை ஒழுங்காக எடுத்திருந்தார். ஆனாலும் அந்த ஒரு வரியால் கீழே உள்ள எல்லாமே தவறாகிவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே வரியை எழுதி, அதன் விலையை நேரில் பார்த்தவன். அதனால்தான் அலகுப் பிழை, கூட்டல் பிழை போன்றவற்றை விட்டுவிட்டு இதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

எதிர்மறை அழுத்தத்தைச் சுழியமாக்கிவிட்டு, மறுமுனையை அப்படியே விட்டுவிடுவது

தொழிற்சாலை ஷெட் ஒன்றின் வெளி வரிசைத் தூணை எடுத்துக்கொள்வோம். ஃபூட்டிங்கின் நீளம், அதாவது காற்று தள்ளும் திசையில், 3 மீட்டர். அகலம் 2 மீட்டர். தூண் வழியாக வருவது 117 கிலோநியூட்டன். ஃபூட்டிங்கின் எடையும் அதன் மேல் நிரப்பிய மண்ணின் எடையும் சேர்ந்து 183. ஆக மொத்தம் 300. காற்றால் வரும் மொமென்ட் 270 கிலோநியூட்டன்-மீட்டர். கூரை இலேசானது, காற்று பலமானது. ஷெட் வேலைகளில் எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

பாடத்தில் படித்த சூத்திரப்படி சராசரி அழுத்தம் சதுர மீட்டருக்கு 50 கிலோநியூட்டன். மொமென்டால் கூடுவதும் குறைவதும் 90. எனவே ஒரு விளிம்பில் 140, மறு விளிம்பில் −40. மண் ஃபூட்டிங்கைத் தாங்கும், பிடித்து இழுக்காது. ஆகவே −40 என்பது நடக்காத ஒன்று. இதுவரை எல்லோருக்கும் தெரிகிறது. உடனே அந்த −40-ஐச் சுழியமாக்கிவிட்டு 140-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மண் அறிக்கை 120 தருகிறது, காற்றுச் சுமைக்காக 25 சதவீதம் கூட்டினால் 150 வரை போகலாம், 140 அதற்குள் அடங்குகிறது என்று எழுதி முடிக்கிறார்கள்.

அந்த 140 எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அடிப்பரப்பு முழுவதும் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, ஒரு பக்கம் மண் கீழ்நோக்கி இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால்தான் 140 வரும். இழுக்கும் பக்கத்தை நீக்கிவிட்டால், அது சுமந்ததாகக் கணக்கிட்ட மொமென்டை வேறு யாராவது சுமந்தாக வேண்டும். அதைச் சுமப்பது மறு விளிம்பில் இருக்கும் மண்தான்.

இதைக் கூட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். சுழியமாக்கிய பின் மிஞ்சுவது, 140-இல் தொடங்கி 2.33 மீட்டரில் முடியும் ஒரு முக்கோணம். அதன் மொத்த விசை சுமார் 327 கிலோநியூட்டன். மேலிருந்து வருவதோ 300 தான். இல்லாத 27 கிலோநியூட்டனை மண் மேலே தள்ளுகிறதாம்! அதோடு, அந்த முக்கோணத்தின் மையம் விளிம்பிலிருந்து 0.78 மீட்டரில் நிற்கிறது. சுமை நிற்பது 0.6 மீட்டரில். விசையும் சமனாகவில்லை, மொமென்டும் சமனாகவில்லை. சமநிலை இல்லாத ஒரு படத்தை வைத்துக்கொண்டு கம்பி கணக்கிடுகிறோம் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது.

சரியான வழி இதைவிடச் சிறியது. மையவிலகல் என்பது மொமென்டைச் சுமையால் வகுத்தது: 270 ÷ 300 = 0.9 மீட்டர். நீளத்தில் ஆறில் ஒரு பங்கு 0.5 மீட்டர். அதைத் தாண்டிவிட்டதால் சுமை கெர்னுக்கு வெளியே போய்விட்டது. நடு மூன்றில் ஒரு பங்கு என்று நாம் சொல்வதும் இதைத்தான். இனி பழைய சூத்திரத்தைத் தொடக்கூடாது. சுமை விளிம்பிலிருந்து 1.5 − 0.9 = 0.6 மீட்டரில் நிற்கிறது. மண்ணின் எதிர்விசையும் அதே கோட்டில்தான் நிற்க முடியும். முக்கோணத்தின் மையம் அதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில் இருக்கும் என்பதால், தொடுகை நீளம் 0.6-இன் மூன்று மடங்கு, அதாவது 1.8 மீட்டர். அந்த முக்கோணத்தின் மொத்த விசை 300 ஆக வேண்டும்.

```
e    = M / P                  (e > L/6)
qmax = 2P / (3·B·(L/2 − e))
     = 600 / (3 × 2 × 0.6) = 167
```

140 இல்லை, 167. அனுமதித்த 150-ஐத் தாண்டிவிட்டது. அடிப்பரப்பில் 40 சதவீதம் மண்ணைத் தொடவே இல்லை.

இந்த வித்தியாசம் எப்போதும் இதே அளவில் நிற்பதில்லை. கெர்ன் எல்லையில் இரண்டு சூத்திரங்களும் ஒரே விடை தருகின்றன: சராசரியைப் போல 2 மடங்கு. வெளியே போகப் போக இரண்டும் விலகுகின்றன. மையவிலகல் நீளத்தில் 0.4 பங்கானால் பழைய சூத்திரம் 3.4 மடங்கு என்கிறது, உண்மை 6.7 மடங்கு. சுமை விளிம்பிலேயே வந்து நின்று ஃபூட்டிங் கவிழப்போகும் நொடியிலும் பழைய சூத்திரம் 4 மடங்குக்கு மேல் சொல்லாது. ஆபத்து கூடும் இடத்தில்தான் அது மிகவும் தவறாகப் பேசுகிறது.

மொமென்டைத் தூணின் அடித்தகட்டிலேயே நிறுத்திவிடுவது

என் தவறுக்கு வருகிறேன். ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் ஒரு கிடங்கு ஷெட். மேலே சொன்ன எண்கள் அந்த வேலையின் எண்கள்தான். 140 என்று கணக்கிட்டு வரைபடத்தை அனுப்பினேன். இரண்டாவது காற்றுப் பருவம் முடிந்தபோது, பெரிய இழுகதவு பாதி வழியில் சிக்குவதாகத் தகவல் வந்தது. போய்த் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தோம். வெளி வரிசைத் தூண்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. 6 மீட்டர் உயரத்தில் 18 மில்லிமீட்டர். அதாவது மீட்டருக்கு 3 மில்லிமீட்டர். ஃபூட்டிங்கின் ஒரு விளிம்பு மற்றதைவிட 9 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று பொருள். ஒரே ஒரு தூண் சாய்ந்திருந்தால் நிறுவியதில் பிழை என்று சொல்லலாம். ஒரு வரிசை முழுவதும் காற்று போகும் பக்கமே சாய்ந்திருந்தால் அடியில்தான் காரணம்.

167 மட்டுமே என்றால் மண் இப்படி இறங்கியிருக்காது. கணக்கை மீண்டும் திறந்தபோது இன்னொன்று தெரிந்தது. 270 என்பது தூணின் அடித்தகட்டில் வரும் மொமென்ட். அது தரைமட்டத்தில் இருக்கிறது. ஃபூட்டிங்கின் அடிப்பரப்பு அதற்கு 1.5 மீட்டர் கீழே. அடித்தகட்டில் 36 கிலோநியூட்டன் கிடைவிசையும் இருந்தது. அதை 1.5-ஆல் பெருக்கினால் 54. மண்ணுக்கு வந்து சேர்ந்த மொமென்ட் 324.

பழைய சூத்திரத்தில் போட்டால் 158 வருகிறது. 150-ஐ 5 சதவீதம் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். சரியாகப் போட்டால் மையவிலகல் 1.08 மீட்டர், தொடுகை 1.26 மீட்டர், அழுத்தம் 238. மண் அறிக்கை தந்த 120-க்கு ஏறக்குறைய இரு மடங்கு. மொமென்ட் 20 சதவீதம் கூடியதற்கு அழுத்தம் 43 சதவீதம் கூடிவிட்டது. கவிழ்வதற்கு எதிரான பாதுகாப்பும் தேறவில்லை: நிலைச்சுமையில் 0.9 பங்கை மட்டும் எடுத்தால் விகிதம் 1.25, ஐஎஸ் 456 கேட்பது 1.4.

முழுத் தொடுகையில் மொமென்ட் 20 சதவீதம் கூடினால் அழுத்தம் அதைவிடக் குறைவாகவே கூடும். பகுதித் தொடுகையில் நிலைமை தலைகீழ். மொமென்ட் கூடக்கூடத் தாங்கும் பரப்பே சுருங்குகிறது. ஆகவே மற்ற இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடும் சிறு பிழைகளை இங்கே விடக்கூடாது.

பழுதுபார்ப்பில் ஒவ்வொரு ஃபூட்டிங்கையும் தோண்டி, கான்கிரீட்டில் துளையிட்டு, கம்பி நட்டு, நீளத்தை 4 மீட்டராக்கினோம். கூடுதல் எடையோடு சுமை 361 ஆனது, தொடுகை 3.3 மீட்டர், அழுத்தம் 109. அதே 8 சதுர மீட்டர் பரப்பை, நீளத்தை 3 மீட்டரில் விட்டு அகலத்தைக் கூட்டிப் பெற்றிருந்தால் அழுத்தம் 150-இல் நின்றிருக்கும். கான்கிரீட் ஒரே அளவுதான். மொமென்ட் எந்தத் திசையில் தள்ளுகிறதோ அந்தத் திசையில் நீட்ட வேண்டும்.

அதிகச் சுமைதான் மோசமான நிலை என்று நினைப்பது

பகுதித் தொடுகையில் அச்சுச் சுமை குறைந்தால் அழுத்தம் கூடலாம். முதல் கணக்கில் மொமென்டை 270-லேயே வைத்து, காற்று கூரையை மேலே உறிஞ்சுவதால் சுமை 300-லிருந்து 250-ஆகக் குறைந்ததென்று கொள்ளுங்கள். அழுத்தம் 167-லிருந்து 198 ஆகிறது. இளம் பொறியாளர்களில் பலர் அதிகச் சுமை உள்ள சேர்க்கையை மட்டும் ஓட்டிப் பார்க்கிறார்கள். குறைந்த நிலைச்சுமையும் முழுக் காற்றும் சேரும் நிலையைத் தனியாக ஓட்டுங்கள்.

அறிக்கையில் உள்ள 120 நிகரமா, மொத்தமா?

கேட்டு எழுதுங்கள். மேலே நான் எடுத்தது மொத்தம்.

இரு திசையிலும் மொமென்ட் இருந்தால்

மேலே உள்ள சூத்திரம் செல்லாது. கெர்ன் அங்கே சாய்சதுரம், தொடுகைக் கோடும் சாய்ந்து ஓடும். இரண்டு திசைகளுக்குத் தனித்தனியே போட்டுக் கூட்டாதீர்கள்.

மேல் கம்பியை விட்டுவிடுவது

தொடுகை இழந்த பக்கத்தில் அடியிலிருந்து தள்ள எதுவும் இல்லை. ஆனால் மேலே மண் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, ஃபூட்டிங்கின் எடையும் இருக்கிறது. அந்தப் பகுதி தூணிலிருந்து கீழே தொங்கும் பலகையைப் போல வளைகிறது. இழுவிசை மேல்முகத்தில் வருகிறது. 167 வந்த அந்தக் கணக்கில், பெடஸ்டல் முகத்திலிருந்து 1.25 மீட்டர் நீண்டிருக்கும் பகுதியின் மீது சதுர மீட்டருக்கு 30.5 கிலோநியூட்டன் எடை. 2 மீட்டர் அகலத்துக்கு மொமென்ட் சுமார் 48. அழுத்தத்தைத் தவறாகச் சுழியமாக்கிய தாளில் இந்த எண் வரவே வராது, ஏனென்றால் அதில் தொடுகை 2.33 மீட்டர் வரை நீள்வதாகக் காட்டும். 500 மில்லிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் 48-ஐ விரிசலின்றித் தாங்கிவிடலாம். அதை நம்பிக் கம்பியில்லாமல் விடும் உரிமை நமக்கு இல்லை. மேலே ஒரு வலை போடச் சொல்லி வரைபடத்தில் எழுதுங்கள். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் அது அரை நாள் வேலை. ஆரல்வாய்மொழியில் அதையும் நான் போடவில்லை. நீட்டிய 4 மீட்டருக்கும் மேல்முகத்தைக் கொத்தி, புதுக் கம்பி கட்டி, 100 மில்லிமீட்டர் கான்கிரீட் சேர்க்க வேண்டியதாயிற்று.