ஒரு கிலோ வனாமி இறால் வளர்க்க எவ்வளவு செலவாகிறது? கணக்குப் போடும் முறை

இறால் வளர்ப்பில் புதிதாக இறங்குபவர்கள் செலவுகளைச் சரியாகவே எழுதிவைக்கிறார்கள். பிழை பெரும்பாலும் வகுக்கும் இடத்தில் நேர்கிறது. செலவைக் குட்டையில் இருந்த இறாலின் எடையால் வகுக்கக் கூடாது. வியாபாரியின் தராசில் முழு விலைக்கு ஏறிய எடையால்தான் வகுக்க வேண்டும். ஒரு ஏக்கர் வனாமி குட்டையை எடுத்துக்கொண்டு இதைச் செய்துபார்ப்போம். விலைகள் எடுத்துக்காட்டுக்காகத்தான். உங்கள் ரசீதில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: குஞ்சு

ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 30 குஞ்சு வீதம் 1,20,000 குஞ்சுகள். வண்டி வாடகையும் சேர்த்து ஒன்று 50 பைசா என்றால் 60,000 ரூபாய். வந்த பைகளில் ஒன்றைப் பிரித்து எண்ணிப்பாருங்கள். இந்த எண்ணிக்கை தவறினால் பிறகு பிழைப்பு விகிதம் முழுவதும் தவறாகிவிடும்.

இரண்டாம் படி: தீவனம்

செலவில் பெரும்பங்கு இதுதான். குஞ்சுகளில் 75 சதவீதம் பிழைத்தால் 90,000 இறால். கிலோவுக்கு 50 எண்ணிக்கை, அதாவது ஒன்று 20 கிராம் ஆகும்போது பிடித்தால் குட்டையில் 1,800 கிலோ இருக்கும். ஒரு கிலோ இறாலுக்கு 1.4 கிலோ தீவனம் என்று வைத்தால் 2,520 கிலோ. கிலோ 95 ரூபாய் வீதம் 2,39,400 ரூபாய்.

1.4 என்ற அளவைக் காப்பது தீவனத் தட்டுதான். தீவனம் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்குங்கள். தீவனம் மிஞ்சியிருந்தால் அடுத்த வேளைக்குக் குறையுங்கள். துப்புரவாகத் தீர்ந்து, இறாலின் குடல் கருங்கோடாக நிறைந்து தெரிந்தால் அளவு சரி. மிஞ்சியது அடிமண்ணில் அழுகும். அதன் பிறகு காற்றூட்டியையும் கூடுதல் நேரம் ஓட்ட வேண்டிவரும்.

இறால் எப்போது சாகிறது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். முதல் வாரத்தில் 18,000 குஞ்சு இறந்தால் இழப்பு 9,000 ரூபாய். அதே 18,000 இறால் 80ஆம் நாளில், 16 கிராம் எடையில் இறந்தால், 288 கிலோ இறால் தின்ற தீவனமும் சேர்ந்து போகிறது. அதுவரை கிலோவுக்கு 1.3 வீதம் தின்றிருந்தாலும் தீவனம் மட்டும் ஏறத்தாழ 35,500 ரூபாய். பிழைப்பு விகிதம் இரண்டிலும் ஒன்றுதான், பணம் ஒன்றல்ல. அதனால் இறப்பைத் தேதியோடு எழுதிவையுங்கள்.

மூன்றாம் படி: காற்றூட்டும் மின்சாரம்

ஒரு குதிரைத்திறன் காற்றூட்டி சுமார் 400 முதல் 500 கிலோ இறாலைத் தாங்கும். நமக்கு நான்கு வேண்டும். நான்கும் சேர்ந்து மணிக்கு ஏறக்குறைய 3.5 யூனிட் இழுக்கும். முதல் 30 நாள் தினம் 6 மணி நேரம், அடுத்த 30 நாள் 12 மணி நேரம், கடைசி 40 நாள் 20 மணி நேரம் என்றால் மொத்தம் 1,340 மணி நேரம், 4,690 யூனிட். யூனிட் 8 ரூபாய் வீதம் 37,520 ரூபாய். மின்வெட்டு நேரத்து ஜெனரேட்டருக்கு 60 லிட்டர் டீசல், 5,580 ரூபாய். ஆக 43,100 ரூபாய். விடிவதற்கு முந்தைய மணிகளில்தான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க அப்போது நிறுத்திவிடாதீர்கள்.

நான்காம் படி: அறுவடை இழப்பு

இதுவரை 3,42,500 ரூபாய். 1,800 கிலோவால் வகுத்தால் கிலோ 190 ரூபாய் 28 பைசா. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சேற்றில் தங்கியவை, நசுங்கியவை, நீர் வடிந்து குறைந்த எடை, தோல் உரித்து இன்னும் கெட்டியாகாத மென்தோல் இறால் எல்லாம் சேர்ந்து 90 கிலோ என்று வையுங்கள். முழு விலைக்குப் போனது 1,710 கிலோ. மென்தோல் இறால் 50 கிலோவைக் கிலோ 100 ரூபாய்க்கு விற்றால் வரும் 5,000 ரூபாயைச் செலவில் கழியுங்கள். 3,37,500 ரூபாயை 1,710ஆல் வகுத்தால் 197 ரூபாய் 37 பைசா. கிலோவுக்கு ஏழு ரூபாய் வித்தியாசம். மொத்தத்தில் 12,000 ரூபாய்க்கும் மேல்.

குத்தகை, கூலி, சுண்ணாம்பு, தாதுஉப்பு போன்றவற்றையும் இதே 1,710ஆல் வகுத்துக் கூட்டுங்கள். அவை 1,20,000 ரூபாய் என்றால் கிலோவுக்கு 70 ரூபாய் ஏறி, அடக்கவிலை ஏறத்தாழ 267 ரூபாய் 50 பைசா ஆகும்.

ஐந்தாம் படி: பிடிக்கும் நாள்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தோலுரிப்பு கூடுவதைப் பண்ணைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். அறுவடைக்கு முந்தைய நாள் வீச்சு வலையில் 100 இறாலை எடுத்து ஒவ்வொன்றின் ஓட்டையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். காகிதம்போல் அமுங்குபவை ஐந்துக்கு மேல் இருந்தால் இரண்டு மூன்று நாள் தள்ளிவைப்பேன். தள்ளிவைக்கும் ஒரு நாளுக்குச் சுமார் 41 கிலோ தீவனமும் 70 யூனிட் மின்சாரமும், ஏறத்தாழ 4,450 ரூபாய் ஆகும். அந்த நாளில் ஓர் இறால் 0.2 கிராம் வளர்ந்தால் 18 கிலோ கூடும். வியாபாரி சொன்ன விலையை அந்த 18 கிலோவோடு பெருக்கிப்பாருங்கள். பிறகு தேதியைக் குறியுங்கள்.