கிறுக்கல் முதல் சைக்கிள் வரை: குழந்தையின் ஓவியப் படிநிலைகளும் ஆசிரியரின் பங்கும்

தொடக்கப் பள்ளியில் முதன்முறையாக ஓவிய வகுப்பை ஏற்கும் ஆசிரியருக்கு இரண்டு விதமான அறிவுரைகள் கிடைக்கும். குழந்தை தவறாக வரைந்தால் உடனே திருத்த வேண்டும் என்பது ஒன்று. குழந்தையின் படத்தில் ஒருபோதும் தலையிடக் கூடாது என்பது மற்றொன்று. முதலாவது மூன்று வயதுக் குழந்தைக்குத் தீங்கு செய்கிறது, இரண்டாவது பத்து வயதுக் குழந்தையைக் கைவிடுகிறது. எந்த வயதில் ஒதுங்கி நிற்பது, எந்த வயதில் அருகே சென்று உட்காருவது என்பதையே இந்த விளக்கத்தில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

வியன்னாவில் பயின்று பின்னர் அமெரிக்காவில் கலைக் கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் வகுத்த படிநிலைகளையே ஆசிரியப் பயிற்சிகளில் பெரும்பாலும் சொல்லித் தருகிறார்கள். அவற்றில் தரப்படும் வயதுகளைத் தோராயமானவையாகவே கொள்ள வேண்டும். ஒரே குழந்தை திங்கட்கிழமை ஒரு படிநிலையிலும் வியாழக்கிழமை அதற்கு முந்தைய படிநிலையிலும் வரைவது இயல்பு. காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த குழந்தையும், வீட்டில் தாளும் வண்ணமும் கிடைக்காத குழந்தையும் பின்தங்கியிருப்பதுபோலத் தோன்றலாம். ஆகவே ஒரு படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் தேதியையும் வரையும்போது குழந்தை சொன்ன ஒரு சொற்றொடரையும் பென்சிலால் குறித்து வைத்து, நான்கைந்து படங்கள் சேர்ந்த பிறகு வரிசையாக விரித்துப் பார்ப்பது நல்லது.

படி 1: கிறுக்கலை அசைவாகப் பாருங்கள் (ஏறக்குறைய 2 முதல் 4 வயது வரை)

முதற் கிறுக்கல்களில் குழந்தை தாளைப் பார்க்காமலேயே கூட வரையும். அசைவு தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் வருவதால் கோடு தாளைத் தாண்டித் தரைக்கும் போகும். ஏறக்குறைய ஆறு மாதங்களில், தன் கை அசைவதால்தான் தாளில் தடம் விழுகிறது என்பதைக் குழந்தை கண்டுகொள்கிறது. ஒரே கோட்டை மேலும் கீழுமாகத் திரும்பத் திரும்ப இழுப்பதும், பிறகு வட்டமாகச் சுழற்றுவதும் அந்தக் கண்டுபிடிப்பின் அடையாளங்கள். மூன்றரை வயதையொட்டி ஒரு நாள், கிறுக்கி முடித்த தாளைக் காட்டி “இது அப்பா” என்று சொல்லும். நம் கண்ணுக்குக் கிறுக்கலில் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் அசைவாக மட்டும் இருந்த ஒன்று அன்று முதல் ஒரு பொருளைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

இந்தக் கட்டத்தில் ஆசிரியரின் வேலை பெரும்பாலும் பொருள்களைத் தேர்ந்தெடுப்பதுதான். பெரிய தாளைத் தரையில் ஒட்டி, பிடிக்கத் தோதான தடித்த கிரேயான் ஒன்றோ இரண்டோ கொடுத்தால் போதும். பன்னிரண்டு வண்ணங்களையும் கொடுத்தால் குழந்தையின் கவனம் கோட்டை விட்டு வண்ணப்பெட்டிக்குப் போய்விடும். பெரிய தாள் இல்லாவிட்டால் கரும்பலகையின் கீழ்ப்பகுதியும் சுண்ணக்கட்டியும் அதே பயனைத் தரும். “இது என்ன?” என்று கேட்பதைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அசைவின் இன்பத்தில் இருக்கும் குழந்தைக்கு அந்தக் கேள்விக்கு விடை கிடையாது, விடை இருந்தாக வேண்டும் என்ற உறுத்தல் மட்டுமே எஞ்சும். “இங்கிருந்து அங்கே வரை ஒரே வீச்சில் போயிருக்கிறாயே” என்று கோட்டைப் பற்றிப் பேசலாம். குழந்தை தானே பெயர் சூட்டிய பிறகு, “அப்பா எங்கே போகிறார்?” என்று அந்தக் கதையைத் தொடரலாம். கிறுக்கலின் மேல் கண்ணும் மூக்கும் வைத்து “அப்பாவாக்கி” கொடுப்பது, எவ்வளவு அன்போடு செய்தாலும், குழந்தையின் படத்தைப் பறித்துக்கொள்வதே ஆகும்.

படி 2: தலைப்பிரட்டை மனிதனுக்கு உடம்பைத் தேடாதீர்கள் (4 முதல் 7 வயது வரை)

ஒரு வட்டம், அதற்குள் கண்கள், வட்டத்திலிருந்து நேராகக் கீழிறங்கும் இரண்டு கால்கள்: உலகின் பல பகுதிகளிலும் குழந்தைகள் வரையும் முதல் மனித உருவம் இதுதான். தலைப்பிரட்டையைப் போல இருப்பதால் அந்தப் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. “உடம்பு எங்கே?” என்பதே புதிய ஆசிரியரின் முதல் கேள்வியாக இருக்கும். அதற்குப் பதிலாகத் தொப்புளை வரையச் சொல்லிப் பாருங்கள். சில குழந்தைகள் வட்டத்துக்குள் வைப்பார்கள், சிலர் கால்களுக்கு நடுவே வைப்பார்கள். உடம்பு மறக்கப்படவில்லை, வட்டத்திலோ கால்களுக்கு இடையிலோ அது அடங்கியிருக்கிறது என்பது அப்போது விளங்கும்.

இந்த வயதில் படத்தில் விடுபட்டதைச் சுட்டிக்காட்டினால் பலன் குறைவு. உடலால் உணர்ந்த ஓர் அனுபவத்தை நினைவூட்டினால் பலன் அதிகம். வரையச் சொல்வதற்கு முன் வகுப்பு முழுவதையும் எழுந்து நிற்கச் செய்து, எட்டாத கிளையிலிருக்கும் மாங்காயைப் பறிப்பதுபோலக் குதிகாலை உயர்த்திக் கைகளை நீட்டச் சொல்லுங்கள். “எந்த விரல் முதலில் காயைத் தொட்டது?” என்று கேட்டுவிட்டுப் பிறகு தாளைக் கொடுங்கள். முந்தைய நாள் கையே இல்லாமல் வரைந்த குழந்தை அன்று தாளின் விளிம்பு வரை நீளும் கையை வரையக்கூடும். கை உடம்பைவிட நீளமாக இருப்பதை அளவுப் பிழையாக எண்ணித் திருத்தக் கூடாது. அந்த நேரத்தில் குழந்தைக்குக் கைதான் முக்கியம், அதனால்தான் அது பெரிதாக இருக்கிறது. வானம் சிவப்பாகவும் நாய் நீலமாகவும் இருப்பதையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

படி 3: தெரிவதையும் தெரிந்ததையும் பிரித்தறியுங்கள் (7 முதல் 9 வயது வரை)

இப்போது குழந்தைக்கு மனிதன், மரம், வீடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான வடிவம் கிடைத்துவிடுகிறது. தாளின் கீழே ஒரு அடிக்கோடு வருகிறது, எல்லாம் அதன்மேல் வரிசையாக நிற்கின்றன. வீட்டின் சுவர் வழியே உள்ளே படுத்திருக்கும் பாட்டி தெரிகிறார். நான்கு பேர் கேரம் ஆடும் காட்சியில் பலகை மேலிருந்து பார்த்ததுபோல முழுச் சதுரமாக இருக்க, ஆடுபவர்கள் நான்கு திசைகளிலும் வெளிப்புறமாகச் சாய்ந்து படுத்திருக்கிறார்கள். கேரம் பலகை சதுரம் என்பதும் நான்கு பேரும் அதன் நான்கு பக்கங்களில் இருக்கிறார்கள் என்பதும் குழந்தைக்குத் தெரியும். தெரிந்த இரண்டு உண்மைகளையும் விட்டுக்கொடுக்காத தீர்வு அது.

பிரான்ஸின் ஜார்ஜ்-ஆன்ரி லூக்கே 1927-இலேயே இதை விளக்கினார்: இந்த வயதில் குழந்தை கண்ணால் காண்பதைவிட மனத்தால் அறிந்ததையே வரைகிறது. 1972-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கைப்பிடி மறுபுறம் மறைந்திருக்குமாறு ஒரு கோப்பையைக் குழந்தைகள் முன் வைத்து வரையச் சொன்னார்கள். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் பெரும்பாலோர் கண்ணுக்குப் படாத அந்தக் கைப்பிடியையும் சேர்த்தே வரைந்தார்கள். இச்சோதனையை நீங்களும் உங்கள் வகுப்பில் ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம். கைப்பிடியை வரையும் குழந்தைக்குத் தூரக் காட்சி விதிகளைக் கற்பிக்கும் காலம் இன்னும் வரவில்லை என்று கொள்ளலாம்.

நம் வகுப்புகளுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்லியாக வேண்டும். “இயற்கைக் காட்சி வரையுங்கள்” என்றால் தமிழ்நாட்டின் எந்தப் பள்ளியிலும் பெரும்பாலும் ஒரே படம்தான் வரும்: இரண்டு மலைகள், நடுவே சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, வானில் வரிசையாகப் பறவைகள். மலையையே பார்த்திராத ஊர்க் குழந்தையும் இதையே வரையும். இது குழந்தை தானாகக் கண்டடைந்த வடிவமன்று. அக்காவிடமிருந்தோ நம்மிடமிருந்தோ அச்செடுத்தது. படத்தைக் குறை சொல்வதால் பயனில்லை, தலைப்பைத்தான் மாற்ற வேண்டும். “மழையில் நனைந்தபடி நான் பள்ளிக்கு வந்த வழி” என்று கொடுத்தால் மலைகள் தாமாகவே மறைந்துவிடும்.

படி 4: ரப்பர் தேயத் தொடங்கும்போது அருகே உட்காருங்கள் (9 முதல் 12 வயது வரை)

ஆசிரியர்கள் பெரும்பாலும் தவறவிடும் கட்டம் இதுவே. குழந்தையின் கண் அதன் கையைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. படம் உண்மைபோல இல்லை என்பது அதற்கே தெரிகிறது, ஏன் இல்லை என்பதுதான் தெரியவில்லை. தாள் கிழியும் வரை அழித்தல், படத்தைக் கையால் மறைத்தல், கைவிரல்கள் வரையக் கடினம் என்பதால் எல்லா மனிதர்களின் கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிவிடுதல், “எனக்கு வரைய வராது” என்று சொல்லுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். “நன்றாகத்தானே இருக்கிறது” என்று இந்தக் குழந்தையிடம் சொன்னால் அது நம்பாது. நீங்கள் பார்க்கவே இல்லை என்று சரியாகவே முடிவு செய்யும். இப்போது கற்பிக்கத்தான் வேண்டும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பார்வை முறையை மட்டும்.

என் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சைக்கிள் வரைந்து, மூன்று முறை அழித்துவிட்டுத் தாளைக் கசக்கினாள். சக்கரங்கள் அழகான வட்டங்களாகவே இருந்தன. ஆனால் முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடு வரை ஒரு நேர்க்கோட்டுக் கம்பி சென்றது, செயின் இரண்டு சக்கரங்களையும் சுற்றியது. மறுநாள் பார் வைத்த சைக்கிள் ஒன்றை வகுப்புக்குள் கொண்டுவந்து ஸ்டாண்டில் நிறுத்தினேன். எல்லோரும் அதன் பக்கவாட்டிலேயே உட்காருமாறு பார்த்துக்கொண்டேன், ஏனெனில் சாய்ந்த கோணத்தில் உட்கார்ந்தால் சக்கரம் நீள்வட்டமாகத் தெரியும். அது வேறொரு நாளுக்கான பாடம்.

முதலில் ஹேண்டில்பாரைத் திருப்பிக் காட்டி, அதோடு சேர்ந்து எது திரும்புகிறது என்று கேட்டேன். முன்சக்கரம் மட்டும் திரும்பியதைப் பார்த்தவள், “நான் போட்ட கம்பி இருந்தால் திரும்பவே முடியாதே, சார்” என்றாள். அடுத்து பெடலைச் சுற்றி, செயின் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அது பெடலுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே மட்டுமே ஓடுகிறது. மூன்றாவதாக, கம்பிகளை மறந்துவிட்டு, கம்பிகளுக்கு நடுவே இருக்கும் காலி இடத்தை மட்டும் வரையச் சொன்னேன். சீட்டுக்கும் பெடலுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு முக்கோணமும், அதன் பின்னால் சிறிய முக்கோணம் ஒன்றும் கிடைத்தன. காலி இடத்துக்கு மனத்தில் ஆயத்த வடிவம் எதுவும் இல்லாததால், அதைக் கண்ணால் பார்த்துத்தான் வரைய முடியும். அந்த இரண்டு முக்கோணங்களுக்குப் பொருத்தமாகச் சக்கரங்களைக் கடைசியில் சேர்த்தாள். இவ்வளவுக்கும் ஒரு பாடவேளை போதுமானதாக இருந்தது. நான் அவள் தாளில் ஒரு கோடு கூடப் போடவில்லை; காட்ட வேண்டியிருந்தபோது என் தாளில் போட்டுக் காட்டினேன்.

படி 5: எல்லோரையும் ஒரே திசையில் தள்ளாதீர்கள் (12 வயதுக்கு மேல்)

நிழல், ஆழம், மடிப்பு விழுந்த துணி ஆகியவற்றை விரும்பிக் கேட்கும் மாணவர்களுக்கு இப்போது முறையாகக் கற்பிக்கலாம். ஆனால் வகுப்பில் சிலர் கண்ணால் கண்டதைவிட உடலாலும் உணர்ச்சியாலும் அறிந்ததையே வரைந்துகொண்டிருப்பார்கள். பார்வைக் குறைபாடு உள்ள குழந்தைகளுடன் பணியாற்றிய லோவன்ஃபெல்ட் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டார். அத்தகைய மாணவருக்குக் களிமண்ணோ, கேலிச்சித்திரமோ, கோல வடிவமைப்போ பென்சில் நிழலைவிட ஏற்றதாக இருக்கலாம்.

அந்த மாணவியின் கசங்கிய முதல் தாளை விரித்து, தேதியிட்டு, இரண்டாவது படத்தோடு சேர்த்தே கோப்பில் வைத்திருக்கிறேன். இரண்டாவதில் சைக்கிள் ஓட்டுபவரின் கைகள் இன்னும் வரையப்படவில்லை; அடுத்த வாரம் அவரவர் இடது கையை மேசைமேல் வைத்துப் பார்த்து வரைவதாகத் திட்டமிட்டோம்.