பி.ஓ.வாகச் சேர்ந்தவுடன் கடன் மேசையைக் கேளுங்கள்

ஐ.பி.பி.எஸ். எழுதி அரசு வங்கியில் பி.ஓ.வாக, அதாவது ஸ்கேல் 1-இல் சேர்ந்தவர்கள் முதல் இரண்டு வருடத்தைக் கவுன்ட்டரிலேயே கழித்துவிடாதீர்கள், மேனேஜரிடம் கேட்டு ஒரு எம்.எஸ்.எம்.இ. கடன் ஃபைலையாவது முழுதாகக் கையில் வாங்குங்கள். ஸ்கேல் 2, 3 பிரமோஷன் நேர்காணலில் இந்தப் பக்கம் கேள்வி வந்தால் நோட்ஸ் மட்டும் படித்தவர் திணறுவார்.

உதாரணத்துக்கு ஒரு சிறு தொழில், அடுத்த வருட விற்பனை 1 கோடி என்கிறார்கள். டர்ன்ஓவர் முறைப்படி நடைமுறை மூலதனத் தேவை அதில் 25%, அதாவது 25 லட்சம்; 5 லட்சம் அவர்கள் கைக்காசு, 20 லட்சம் வங்கி தரும் கடன் லிமிட். சரி, கணக்கு ஐந்து நிமிடம்தான். அந்த 1 கோடி நிஜமா என்பதில்தான் வேலையே இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரிட்டர்னையும் நடப்புக் கணக்கில் வந்து விழுந்த மொத்த வரவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் 60 லட்சத்தைத் தாண்டவில்லை, புது ஆர்டரும் கையில் இல்லை என்றால் 1 கோடி வெறும் ஆசை. அதை நம்பி லிமிட் கொடுத்தால், தொழிலுக்குத் தேவைப்படாத மிச்சப் பணம் பெரும்பாலும் நிலத்துக்கோ வீட்டுக்கோ போய்விடும், கணக்கு எப்போதும் லிமிட்டின் உச்சியிலேயே நிற்கும்.

தனியார் வங்கியில் கிளை வேலை பெரும்பாலும் விற்பனை டார்கெட்தான், கடன் முடிவு தனிக் குழுவிடம் இருக்கும், அதனால் சேரும்போதே அந்தக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள். வங்கியின் முதலீட்டையும் அந்நியச் செலாவணியையும் பார்க்கும் ட்ரெஷரி வேலையா? பெரும்பாலும் மும்பை, இடமும் குறைவு.